அவை நடுவே ஒரு குரல் எழுந்தால்: பேச்சாளர் எழுதி வைக்க வேண்டிய மூன்று வரிகள்

ஆண்டுதோறும் வைகாசி மூலத்தன்று நம் ஆலய மண்டபத்தில் திருஞானசம்பந்தர் குருபூசை நடைபெறுவதை அன்பர்கள் அறிவீர்கள். பூசை முடிந்து அன்னதானம் தொடங்குமுன் முக்கால் மணி நேரம் சமயச் சொற்பொழிவு உண்டு. வெளியூர்ப் பேச்சாளர் கிடைக்காத ஆண்டுகளில் அந்தப் பொறுப்பு ஓய்வு பெற்ற ஆசிரியன் என்ற முறையில் என் தலையில் வந்து விழும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டி ஆண்டவனுக்கு இது ஒரு பொருட்டா என்றுதான் முதலில் எண்ணினேன். அந்த எண்ணமே எனக்குக் குழி பறித்தது.

வகுப்பறையில் மாணவன் பிந்தி வந்தால் ஆசிரியர் பாடத்தை நிறுத்திவிட்டு, அவன் நடந்து வந்து உட்காரும் வரை பேசாமல் பார்ப்பார். அந்த மௌனமே தண்டனை. பணி ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டு மண்டபத்திலும் பழக்க தோஷத்தால் அதையே செய்தேன். இரவு எட்டரை மணி இருக்கும். ஓர் இளைஞர் தொழிற்சாலைச் சீருடையுடன், தலைமுடியிலிருந்து மழை நீர் சொட்ட உள்ளே வந்தார். நான் பேச்சை நிறுத்தி அவரைப் பார்த்தேன். சபையும் திரும்பிப் பார்த்தது. அவர் பாதி தூரம் வந்தவர், அப்படியே திரும்பி வாசலில் போய் நின்றுகொண்டார். சிங்கப்பூரில் வேலை முடிந்து, மழையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து, வீட்டுக்கும் போகாமல் நேராகக் கோயிலுக்கு வந்தவர் அவர் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. கைக்குழந்தை ஒன்று விடாமல் அழுதது. நான் ஒலிவாங்கியிலேயே, "அம்மா, குழந்தையைக் கொஞ்சம் வெளியே கொண்டு போங்கள்" என்றேன். சொன்ன சொல்லில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை என்றுதான் நினைத்தேன். அந்தத் தாய் பையையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு போனவர், அன்னதானத்துக்குக்கூடத் திரும்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் என் மனைவி காரில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நீங்க சொன்னது சம்பந்தர் கதை. குழந்தை அழுததுக்கு அம்பாளே வந்த கதை. அதுல போய் அழற குழந்தைய வெளிய அனுப்பிட்டீங்களே."

அன்றிரவே பழைய பாடக்குறிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்து, இடையூறு வந்தால் என்ன சொல்வது என்று எழுதத் தொடங்கினேன். அந்தப் புத்தகத்திலிருந்துதான் இக்கட்டுரை. நம் இளைஞர் பகுதியினர் சிலர் இப்போது மேடையேறத் தொடங்கியிருப்பதால், அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

இடையூறுக்கு மறுமொழி என்றவுடன் தமிழ்ச் சபைகளில் எவருக்கும் நினைவுக்கு வருபவர் திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள். 1906ஆம் ஆண்டு வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் பிறந்து, 1993ஆம் ஆண்டு மறையும் வரை ஊர் ஊராகச் சென்று சொற்பொழிவாற்றியவர். அவருடைய ஒலிநாடாக்கள் ஒரு காலத்தில் இந்நாட்டுத் தோட்ட வீடுகளிலும் ஒலித்தன. அவரைப் பற்றிப் பலரும் சொல்லி வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. இராமாயணச் சொற்பொழிவில், அனுமனை இராமபிரான் 'சொல்லின் செல்வன்' என்று பாராட்டிய இடம் வந்தது. அப்போது சபையில் சிலர் எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். வாரியார் சுவாமிகள் கோபிக்கவில்லை. அனுமன் ஒரு சொல்லின் செல்வர், இங்கேயும் சில சொல்லின் செல்வர்கள் இருக்கிறார்கள், நல்லதைச் சொல்லின் செல்வர் என்ற பொருள்படச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடர்ந்தாராம். சபை சிரித்தது. போனவர்கள் போனார்கள். இருந்தவர்கள் அசையவில்லை.

இதைச் சற்று இலக்கணக் கண் கொண்டு பார்ப்போம். 'சொல்லின் செல்வர்' என்பதில் 'சொல்லின்' என்பதைப் பெயராகக் கொண்டால் 'சொல்லாகிய செல்வத்தை உடையவர்' என்று பொருள். அதையே வினையெச்சமாகக் கொண்டால் 'சொன்னால்' என்று பொருள். அவ்வாறே 'செல்வர்' என்பது பெயராக நின்றால் செல்வம் உடையவர். வினைமுற்றாக நின்றால் 'போவார்கள்'. ஓர் எழுத்துகூட மாறவில்லை, பொருள் தலைகீழாயிற்று. வகுப்பில் சிலேடை நடத்தும்போது நான் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு இது.

ஆனால் பேச்சாளர் கவனிக்க வேண்டியது சிலேடையை அன்று. அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அது வெளியிலிருந்து கொண்டு வந்த நகைச்சுவையன்று. அவர் அந்த நிமிடம் பேசிக்கொண்டிருந்த பொருளுக்குள்ளேயே கிடந்த சொல். ஆகவே சிரித்து முடித்த சபை, வேறெங்கும் போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. சிரிப்பு ஓய்ந்தபோதும் அவர்கள் அனுமன் முன்னிலையில்தான் இருந்தார்கள். நான் ஒருமுறை இதே வரியை எடுத்து, பிந்தி வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தேன். அன்றைய தலைப்பு திருநீற்றின் பெருமை. வந்தவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், நான் 'செல்வர்' என்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த நம் பொருளாளர் மட்டும் இருமினார்.

அதிலிருந்து நான் கொண்ட முறை இதுதான். ஒவ்வொரு சொற்பொழிவுக்கும் அதன் கதைக்குள்ளிருந்தே மூன்று வரிகளை எடுத்து முன்னதாக எழுதி வைப்பேன். ஒன்று பிந்தி வருவோருக்கு, ஒன்று தொலைபேசிக்கு, ஒன்று குழந்தைக்கு. எழுதும்போது மூன்று செய்திகளைப் பார்த்துக்கொள்வேன். வரியில் இடையூறு செய்தவரைச் சுட்டும் சொல் இருக்கக் கூடாது. அவர் அடுத்து என்ன செய்யலாம் என்பது மரியாதையாக அதில் இருக்க வேண்டும். முடியும் இடம் கதையின் வாசலாக இருக்க வேண்டும். நீளம் இருபது சொற்களைத் தாண்டக் கூடாது. நான் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் பேசுபவன். இருபது சொல் என்றால் பன்னிரண்டு விநாடி. அதற்கு மேல் போனால் இடையூறே நிகழ்ச்சியாகிவிடும்.

இனி, சென்ற ஆண்டு குருபூசையில் பேசிய சம்பந்தர் வரலாற்றையே எடுத்துக்கொண்டு விளக்குகிறேன்.

பேச்சு நாற்பது நிமிடம். கதை நான்கு ஊர்களில் நடக்கிறது. முதலில் சீர்காழி. அங்கே மூன்று வயதுப் பிள்ளை தந்தையைக் காணாது குளக்கரையில் அழ, அம்மை பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டுகிறாள். அடுத்து திருமறைக்காடு. நெடுநாள் அடைத்துக் கிடந்த கோயில் கதவை அப்பர் பாடித் திறக்கிறார், சம்பந்தர் பாடி அடைக்கிறார். அங்கே இருக்கும்போதுதான் பாண்டிமாதேவி மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அனுப்பிய ஆட்கள் அழைப்புடன் வருகிறார்கள். அடுத்து மதுரை. கடைசியில் நல்லூர்ப் பெருமணம், அங்கே திருமணமும் சோதியும். இந்த நான்கு ஊர்களையும் ஒரு தாளில் இடப்புறம் எழுதினேன். எந்த ஊரில் எந்த இடையூறு வரக்கூடும், அந்த ஊரில் அதற்கு என்ன சொல் கிடைக்கிறது என்பதை வலப்புறம் எழுதினேன்.

பிந்தி வருவோரை முதலில் பார்ப்போம். நம் ஜொகூர் பாருவில் பிந்தி வருபவர் பெரும்பாலும் சோம்பேறி அல்லர். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடக்க மாலை வேளையில் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆவது இங்கே யாருக்கும் செய்தியன்று. ஜொகூரில் 2014 முதல் 2024 வரை வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. 2025 ஜனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆயிற்று. ஆனால் வைகாசி மூலம் நம் விடுமுறையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வேலை நாளில் வந்தால், எட்டு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் சபையின் கால்பங்கு வாசலில்தான் இருக்கும்.

ஒருவர் தனியாக வந்தால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவரைப் பார்க்காமல் பேசிக்கொண்டே போவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. நான்கைந்து பேர் சேர்ந்து வந்து, சபையின் முகங்கள் வாசல் பக்கம் திரும்பினால்தான் வரி தேவை. திரும்பினார்களா என்று அறிய நான் மூன்றாவது வரிசையைப் பார்ப்பேன். முதல் இரண்டு வரிசைகளில் செயலவையினரும் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்கள் மரியாதைக்காக என்னையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உண்மையைச் சொல்வது மூன்றாம் வரிசை. அங்கே இரண்டு தலை திரும்பினால், நான் சொல்லும் வாக்கியம் காற்றோடு போய்விட்டது என்று பொருள். தொடங்கிய வாக்கியத்தை முடித்து, நிறுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லலாம்.

சென்ற ஆண்டு திருமறைக்காட்டுக்கு எழுதி வைத்திருந்த வரி இது: "வாருங்கள், வாருங்கள். அப்பர் பெருமான் பதிகம் பாடித் திறந்த கதவு, உங்களுக்குப் பாடாமலேயே திறந்திருக்கிறது. வலப்புறம் இடம் இருக்கிறது. அந்தக் கதவின் முன்னால்தான் நிற்கிறோம்." எட்டு மணி பத்து நிமிடத்துக்கு ஆறு பேர் ஒன்றாக வந்தார்கள். வரி அதன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வந்தவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். அதைவிட முக்கியம், கதை எங்கே நிற்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிந்தி வந்தவருக்கு உண்மையான சங்கடம் அதுதான். உட்கார்ந்த பிறகும் பத்து நிமிடம் அவருக்குக் கதை பிடிபடாது. பக்கத்திலிருப்பவரிடம் மெல்லக் கேட்பார், அது இன்னொரு இடையூறு ஆகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வரியை என்னிடம் கேட்டு எழுதிக்கொண்ட இளைஞர் ஒருவர், "அடுத்து, சம்பந்தரைக் கூப்பிட்டுக் கதவை அடைக்கச் சொல்லலாமா ஐயா? சபை நல்லா சிரிக்குமே" என்று கேட்டார். சிரிக்கும்தான். ஆனால் அந்தச் சிரிப்பு வந்தவர்களுக்கு மேலே விழும். அதே காரணத்தால் திருநாளைப்போவாரையும் பிந்தி வந்தவர்களுக்கு எடுத்துக்காட்டாக நான் சொல்வதில்லை. 'நாளை போவேன்' என்றவர் என்பதால் பேச்சாளருக்குக் கை அரிக்கும். அவர் போகாமல் இருந்தது தாமதத்தால் அன்று, போக விடாத சமூகத்தால். அதை நகைச்சுவையாக்க எனக்கு மனம் வரவில்லை.

கதையின் கடைசி ஊருக்கு வந்தபின் யாரேனும் வந்தால் "திருமணத்துக்குச் சரியான நேரத்தில் வந்திருக்கிறீர்கள், அமருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நல்லூர்ப் பெருமணத்தில் திருமணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் சோதியில் கலந்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அதை வந்தவர்களோடு முடிச்சுப் போட்டால், பின்வரிசைப் பாட்டிமார்கள் பேச்சாளரைச் சும்மா விடமாட்டார்கள்.

அடுத்து கைத்தொலைபேசி. தொடங்குமுன் "அனைவரும் ஒலியை அடக்கி வையுங்கள்" என்று அறிவிப்பதால் முக்கால்வாசி குறையும். மீதியைக் குறைக்க வழியில்லை. ஏனெனில், அடிக்கும் தொலைபேசி பெரும்பாலும் வயதானவர்களுடையது. மகனோ மகளோ வாங்கிக் கொடுத்தது. ஒலியைக் குறைக்கும் இடம் அவர்களுக்குத் தெரியாது. அது பைக்குள், பணப்பைக்குள், கைக்குட்டையில் சுற்றி இருக்கும். ஆகவே ஒலித்தவுடன் பேசினால், அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நம் வரி அவர் மேல் விழுந்து, கை நடுங்கி, இன்னும் நேரமாகும். முதல் இரண்டு மணியோசைக்கு நான் பேச்சை நிறுத்துவதில்லை, வேகத்தைத்தான் குறைப்பேன். மூன்றாவது ஓசைக்கும் நிற்கவில்லை என்றால் வாக்கியத்தை முடித்துவிட்டு, ஒலி வரும் திசையைப் பார்க்காமல், எதிர்ப்பக்கத்து வரிசையைப் பார்த்துச் சொல்வேன். பார்வை எங்கே போகிறதோ, சபையின் பார்வையும் அங்கேதான் போகும்.

எழுதி வைத்திருந்த வரி: "மதுரையிலிருந்து மங்கையர்க்கரசியாரின் அழைப்பு வந்துவிட்டது போலிருக்கிறது. சம்பந்தர் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார். அணைத்துவிட்டு நாமும் உடன் போவோம்." திருமறைக்காட்டுக் கதவு அடைந்த பிறகு, மதுரைக்குப் புறப்படுமுன் இதைச் சொல்ல ஐந்து நிமிட இடம் இருக்கிறது. அதற்கு முன்னால் அடித்தால் இந்த வரி செல்லாது, ஏனெனில் மங்கையர்க்கரசியார் யார் என்பதே சபைக்கு இன்னும் சொல்லப்படவில்லை. அப்போது சும்மா காத்திருப்பதே நல்லது. பொருந்தாத இடத்தில் வரியைச் செலவழித்துவிட்டால், பொருந்தும் இடம் வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. ஒரே வரியை ஒரே மேடையில் இரண்டாம் முறை சொன்னால், அது கண்டிப்பாக மாறிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு இந்த வரியை நான் சொல்லவில்லை. இடம் பொருத்தமாகத்தான் வந்தது. சம்பந்தர் மதுரைக்குப் புறப்படுகிறார், பெண்கள் பக்கம் தொலைபேசி அடிக்கிறது. வாய் திறக்குமுன் ஒரு கணம் அந்தப் பக்கம் கண் போயிற்று. போனை எடுத்த அம்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் தேடவில்லை, அணைக்கவில்லை, எழுந்துகொண்டிருந்தார். நான் நீர் எடுத்துக் குடித்தேன். குடித்து முடிக்குமுன் அவர் வாசலைக் கடந்துவிட்டார். பிறகு, விட்ட வாக்கியத்தையே மீண்டும் சொல்லித் தொடர்ந்தேன். மருத்துவமனையில் இருந்த அவருடைய தாயாரைப் பற்றிய அழைப்பு அது. அன்று மங்கையர்க்கரசியாரின் பெயரைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்திருந்தால், அந்தச் சிரிப்பு அவர் முதுகுக்குப் பின்னால் கேட்டிருக்கும். இப்போது என் குறிப்புத் தாளில் தொலைபேசி வரிக்கு முன்னால் சிவப்பு மையில் 'நீர்' என்று எழுதியிருக்கிறேன். முதலில் ஒரு மிடறு நீர். அந்த மூன்று விநாடியில் முகம் தெரிந்துவிடும்.

குழந்தை அழுகைக்கு வருகிறேன். இதுதான் மூன்றிலும் கடினம். குழந்தையின் அழுகுரலில், நம் காதுக்கு மிகக் கூர்மையாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 வரையுள்ள அதிர்வெண்கள் நிறைய இருக்கின்றன. நம் பேச்சில் சொல்லையும் சொல்லையும் பிரித்துக் காட்டும் பல மெய்யொலிகளும் அந்த எல்லைக்குள்தான் விழுகின்றன. ஆகவே குழந்தை அழும்போது, நம் குரல் கேட்டாலும் சொல் விளங்காது. பேச்சாளர்கள் இதை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள், ஒலிவாங்கியை வாயருகே இழுக்கிறார்கள். ஒலிபெருக்கி 'கீ' என்று கத்துகிறது. குழந்தை மேலும் அஞ்சி வீறிடுகிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். குரலைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்து, முக்கியமான செய்தியை ஒத்திவைத்துவிட்டு, சபைக்கு ஏற்கெனவே தெரிந்த பகுதியைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான அழுகை அரை நிமிடத்தில் அடங்கும். தாய்க்கு அந்த அரை நிமிடத்தைக் கொடுத்தாலே போதும்.

நம் சமயச் சொற்பொழிவுகளில் இதற்கென்றே அமைந்தது போல் ஒரு பழைய வழக்கமும் இருக்கிறது. பேச்சாளர் "நமப் பார்வதீ பதயே" என்பார், சபை "அரகர மகாதேவா" என்று முழங்கும். முருகன் மேடையானால் "வெற்றிவேல் முருகனுக்கு", "அரோகரா". ஆங்கிலப் பாணி மேடைகளில் இத்தகைய வாய்ப்பு கிடையாது. ஐந்து விநாடிக்குச் சபை முழுவதும் தன் குரலைக் கேட்கும். அதற்குள் பிந்தி வந்தவர் உட்கார்ந்துவிடுவார், தாய் எழுந்து போவதும் தெரியாது. பல குழந்தைகள் அந்த முழக்கத்தில் திகைத்து அழுகையை நிறுத்துவதையும் கண்டிருக்கிறேன். ஆனால் தூங்கிக்கொண்டிருந்த இன்னொரு குழந்தை விழித்துக்கொள்ளவும் கூடும். ஆகவே பேச்சில் இரண்டு முறைக்கு மேல் இதை நான் நாடுவதில்லை.

அழுகை அடங்கவே இல்லை என்றால்தான் வரி. சம்பந்தர் வரலாற்றில் அதைத் தேட வேண்டியதே இல்லை: "சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்மையே ஓடி வந்தாள். இந்தப் பிள்ளைக்கும் அம்மா இருக்கிறார். பக்கத்து அறையில் மின்விசிறியும் பாயும் இருக்கின்றன, பேச்சும் அங்கே கேட்கும்." இந்த வரியின் உயிர் கடைசிச் சொற்களில் இருக்கிறது. அந்த அறை உண்மையாகவே இருக்க வேண்டும். அதில் மின்விசிறி சுழல வேண்டும், பாய் விரித்திருக்க வேண்டும், ஒலிபெருக்கி ஒன்று பேச வேண்டும். இல்லையென்றால் நான் முன்பு சொன்ன 'வெளியே கொண்டு போங்கள்' என்பதையே பூச்சூடிச் சொன்னதாகும்.

ஆகவே இந்த ஒரு வரிக்காகச் செயலவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது. பந்திப் பாத்திரங்கள் வைக்கும் பக்கத்து அறையைக் குருபூசை நாளுக்கு மட்டும் காலி செய்யக் கேட்டேன். பாத்திரத்தை எங்கே வைப்பது என்றார்கள். ஒலிபெருக்கிக்கு மின்கம்பி இழுக்க வேண்டும் என்றார்கள். கடைசியில் மண்டபத்திலேயே சும்மா கிடந்த பழைய ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றை ஒலியமைப்பாளர் நீளக் கம்பியில் இணைத்துக் கொடுத்தார். செலவு கம்பிக்கு மட்டும்தான். ஒலி அளவை மண்டபத்தில் உள்ளதைவிடப் பாதியாக வைத்தோம். அதிகமாக வைத்தால் அங்கேயும் குழந்தை தூங்காது. பேச்சு தொடங்குமுன் நானே போய் அந்த அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். வாசலில் செருப்பைக் குறுக்கே விட்டிருந்தார்கள். குழந்தையைச் சுமந்து இருட்டில் வருபவர் தடுக்கி விழுவார். அதையும் ஒதுக்கி வைத்தோம்.

சென்ற ஆண்டு அந்த வரியை இருபத்தெட்டாவது நிமிடத்தில் சொன்னேன். கதை அப்போது மதுரையில் இருந்தது. பாண்டியனின் வெப்பு நோயைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையிலிருந்து சீர்காழிக்குத் திரும்பிப் போவது பொருந்துமா என்று முதலில் ஐயமாக இருந்தது. ஆனால் சபைக்கு முதல் பத்து நிமிடத்தில் கேட்ட குளக்கரை நினைவில் இருந்தது. திரும்பி வர மட்டும் ஒரு பாலம் வேண்டியிருந்தது. "அந்தக் குளக்கரையில் அழுத பிள்ளைதான், இப்போது பாண்டியன் கட்டிலுக்கு அருகே திருநீற்றோடு நிற்கிறது" என்று தொடர்ந்தேன். இந்த வாக்கியம் தாளில் இல்லை. வாயில் தானாக வந்தது என்று சொன்னால் பொய்யாகும். வரியை எழுதும்போதே நான்கு ஊர்களையும் முன்னால் வைத்து எழுதியதால் அது வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே அந்தத் தாய் எழுந்து அறைக்குப் போனார். கதவருகே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து, தூங்கிய குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்.

வரியை மனப்பாடம் செய்யும் முறையையும் கேட்கிறார்கள். நான் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பதில்லை. வீட்டில் மனைவி தொலைக்காட்சி பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சைச் சொல்லிப் பார்ப்பேன். அவர் விருப்பம்போல் எழுந்து போவார், கைப்பேசியில் மகளோடு பேசுவார், பேரன் வந்து அழுவான். ஒவ்வொன்றுக்கும் வரியைச் சொல்லிவிட்டு, விட்ட வாக்கியத்தை முதல் சொல்லிலிருந்து தொடர முடிகிறதா என்று பார்ப்பேன். வரி மறந்தால் பரவாயில்லை, சும்மா இருந்துவிடலாம். விட்ட வாக்கியம் மறந்தால்தான் சபை நம்மைவிட்டுப் போகிறது. அதனால் என் குறிப்புத் தாளின் ஓரத்தில் ஒவ்வொரு பகுதியின் கடைசி வாக்கியத்தையும் முழுமையாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஆடிச் சுவாதிக்குச் சுந்தரர் குருபூசையில் பேச என்னையே கேட்டிருக்கிறார்கள். தொலைபேசிக்கு வரி கிடைத்துவிட்டது. சுந்தரருக்காகத் திருவாரூர்த் தெருவில் பரவையார் வீட்டுக்குச் சிவபெருமானே தூது நடந்தார். முதல் முறை போனபோது காரியம் ஆகவில்லை, இரண்டாம் முறைதான் ஆயிற்று. முதல் அழைப்பை எடுக்காமல் விட்டாலும் குற்றமில்லை என்பதற்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? பிந்தி வருவோருக்கும் ஒன்று எழுதிவிட்டேன். குழந்தைக்குத்தான் இன்னும் அகப்படவில்லை. சுந்தரர் வரலாற்றில் குழந்தை என்றால் அவிநாசியில் முதலை விழுங்கி மீண்ட பிள்ளை நினைவுக்கு வருகிறது. ஆனால் தாய் ஒருத்தி மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையில் முதலையை எடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த இடத்தைத் தாளில் வெறுமையாக விட்டிருக்கிறேன். பக்கத்து அறையின் சாவியை மட்டும் இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.